அம்மாவின் மாத்திரை நேரமும் அலுவலக நேரமும்

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் நோய் வந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. காலையில் 6 மணிக்கு எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிடவைத்து, மாத்திரை கொடுத்து முடிப்பதற்குள் 9 ஆகிவிடுகிறது. பகலில் ஓர் உதவியாளர் வருகிறார். அவர் வராத நாளில் நான் விடுப்பு எடுக்க வேண்டியதுதான். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறேன். வெளியூரில் இருக்கும் தம்பி பணம் அனுப்புகிறான், “எது வேணும்னாலும் சொல்லுக்கா” என்கிறான். இப்போது அலுவலகத்தில் பிரிவுத் தலைவர் பொறுப்பு தருகிறார்கள். ஏற்றால் அம்மாவைக் கைவிட்டதுபோல் இருக்கிறது. மறுத்தால் என்றைக்காவது அவள் மேல் கோபம் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பதவியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் காலைப் பொழுது. குளியல், சாப்பாடு, அதன் பிறகு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் செவிலியராக இருந்த காலத்தில் பல வீடுகளில் இதே வரிசையைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அப்படிச் செய்வார்கள். ஆனால் இந்த நோயில் அந்த வரிசைதான் உங்கள் காலையின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

உங்கள் அம்மா எடுப்பது பெரும்பாலும் லெவோடோபா கலந்த மாத்திரையாக இருக்கும். மூளையில் குறைந்துபோன டோபமைன் என்ற வேதிப்பொருளை அது ஈடுகட்டுகிறது. விழுங்கிய பிறகு வேலை செய்யத் தொடங்கப் பலருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். நோய் பழசாக ஆக, ஒரு மாத்திரை தாங்கும் நேரமும் குறைந்துகொண்டே வரும். இரவு முழுக்க மருந்தில்லாமல் கிடந்த உடம்பு விடியும்போதுதான் மிக இறுகியிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் குளிப்பாட்டுகிறீர்கள். கை மடங்காது, கால் நகராது. அவரும் பயப்படுவார், நீங்களும் பொறுமை இழப்பீர்கள். போதாததற்கு, சாப்பாட்டிலுள்ள புரதம் குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு போட்டி போடும். அதனால்தான் பல நோயாளிகளை உணவுக்கு அரை மணி முன்பே மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். குமட்டல் இருப்பவர்களுக்கு இது மாறும். மருத்துவரைக் கேட்காமல் நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டாம்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை கொடுத்தது எப்போது, சாப்பிட்டது எப்போது, எந்த நேரத்தில் எளிதாக நடந்தார், எப்போது இறுகினார், இரவில் எதற்காக எழுப்பினார். இவ்வளவு போதும். மருத்துவர் அம்மாவைப் பார்ப்பது சில நிமிடம். அதுவும் மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாக இருந்துவிட்டால் வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த நோட்டை வைத்துத்தான் அவரால் வேளைகளைத் திருத்த முடியும்.

அவர் ஒப்புக்கொண்டால் உங்கள் காலை இப்படி மாறலாம். எழுந்ததும் மாத்திரை. அரை மணி அம்மா படுக்கையிலேயே இருக்கட்டும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். பிறகு கழிப்பறை, காலை உணவு. குளியல் உங்கள் வேலையே அல்ல. உதவியாளர் வந்தபின், உடம்பு தளர்ந்திருக்கும் நேரத்தில், நாற்காலியில் உட்காரவைத்து அவர் குளிப்பாட்டட்டும். ஒரு எச்சரிக்கை: இந்த நோயிலும் இந்த மருந்திலும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். கட்டில் விளிம்பில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். உதவியாளருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இரவு எழுப்புவதற்குக் காரணம் ஒன்றல்ல. சிறுநீருக்கா, புரண்டு படுக்க முடியாமலா, மருந்தின் வேகம் வடிந்து வலி எடுத்தா என்று நோட்டு சொல்லும். முதலாவதற்குக் கட்டிலருகே கழிப்பறை நாற்காலி. இரண்டாவதற்கு இடுப்புக்குக் கீழே வழுவழுப்பான துணி விரித்தால் பலரால் தாங்களே புரள முடிகிறது. மூன்றாவதை மருத்துவர்தான் சரிசெய்ய வேண்டும். இதற்கெல்லாம் பிறகும், வாரத்தில் இரண்டு இரவாவது நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அந்த இரவுகளுக்கு ஆள் வைக்கத்தான் தம்பியின் பணம்.

தம்பிக்கு வருகிறேன். “எது வேணும்னாலும் சொல்லுக்கா” என்பது அன்புதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிப்பதும், நினைவு வைப்பதும், கேட்பதும் உங்கள் தலையில்தான் விழுகிறது. முதியோர் பராமரிப்பில் இரண்டு பட்டியல்கள் உண்டு. 1963-இல் காட்ஸ் என்ற மருத்துவர் வகுத்தது உடம்போடு ஒட்டிய 6 காரியங்கள்: குளிப்பது, உடுப்பது, கழிப்பறை, எழுந்து நகர்வது, மலசலத்தை அடக்குவது, உண்பது. 1969-இல் லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் வகுத்தது மருந்து, பணம், பொருள் வாங்குவது, பயணம் போன்ற 8 காரியங்கள். முதல் பட்டியலுக்கு வீட்டில் ஆள் வேண்டும். இரண்டாவதில் பலவற்றை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம்.

அதிலிருந்து மூன்றைத் தம்பிக்கு முழுதாகக் கொடுங்கள்: மாத்திரை இருப்பு, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, உதவியாளரின் சம்பளமும் விடுப்பும். முழுதாக என்றால், உதவியாளர் வரமுடியாத நாளில் காலை அவர் கூப்பிட வேண்டியது தம்பியை. மாற்று ஆளின் எண் இருக்க வேண்டியதும் அவனிடம். “கூப்பிட்டியா, வாங்கினியா” என்று நீங்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை கைமாறவில்லை என்று பொருள். அவன் ஓரிரு முறை சொதப்புவான். சொதப்பட்டும். மாத்திரையில் மட்டும் அந்தத் தாராளம் வேண்டாம், லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வீட்டில் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

இப்போது பதவி. ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் எண்ணம். பராமரிக்கிறவர்களின் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் அவர்கள் கேட்டு எடுத்த விடுப்பு அல்ல, காலை எட்டரைக்குத் திடீரென்று “இன்று வர முடியாது” என்று சொல்ல நேர்வதுதான். மாற்று ஆள் தயாராக இருந்தால் அதில் பாதி தீரும். கையெழுத்திடுமுன் உங்கள் மேலதிகாரியிடம் “வீட்டுச் சூழல் கொஞ்சம் சிரமம்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 10 மணிக்கு முன் கூட்டம் வேண்டாம், நான் இல்லாத நாளில் முடிவெடுக்க இன்னார், 6 மாதத்தில் இதை மீண்டும் பேசுவோம் என்று மூன்று காரியமாகக் கேளுங்கள்.

கைவிட்டதுபோல் இருக்கிறது என்கிறீர்களே, அந்த எண்ணம் வரும்போது எதைச் செய்யாமல் விட்டோம் என்று நோட்டில் எழுதப் பாருங்கள். எழுத முடிந்தால் அது ஒரு வேலை, யாராவது செய்யலாம். எழுத ஒன்றுமே இல்லாவிட்டால், அது அம்மா கண்முன்னே தேய்வதைப் பார்க்கும் துக்கம். அந்தத் துக்கம் நீங்கள் நாள் முழுதும் வீட்டில் இருந்தாலும் இருக்கும். வேலையை விட்டு அதைத் தீர்க்க முயன்றவர்களை எனக்குத் தெரியும். தீரவில்லை, வருமானம்தான் போயிற்று.

இந்த ஏற்பாடு நெடுநாள் நிற்காது, நோய் நகர்ந்துகொண்டே இருக்கும். அம்மா ஒருமுறை விழுந்தாலோ, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, இல்லாத ஆட்களைக் கண்டதாகச் சொன்னாலோ காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த வாரமே தம்பியையும் உட்காரவைத்து வேலைகளை மறுபடி பிரியுங்கள். முதல் வார நோட்டை எழுதி முடித்ததும் எனக்கும் எழுதுங்கள், இரவு நேரத்தைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா