ஸ்கூல் வேனில் யாரை முதலில் ஏற்றுவது, யாரைக் கடைசியில் ஏற்றுவது?

கேள்வி: எங்கள் ஏரியாவில் 14 பிள்ளைகள், 6 இடங்களில் வேன் ஏறுகிறார்கள். நடுவில் மெயின் ரோடு போகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் ரோட்டில் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, யாரும் மெயின் ரோட்டைத் தாண்டவும் கூடாது. வரிசையை எப்படிப் போடுவது?

பதில்:

ரோட்டை முதலில் முடியுங்கள், நேரத்தைப் பிறகு பார்க்கலாம். பெரும்பாலோர் மேப்பைத் திறந்து எது குறைந்த தூரம் என்று தேடுவார்கள். மேப்புக்கு வேனின் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது.

நம் ஊரில் வண்டி இடது ஓரமாகப் போகிறது, வேன் கதவும் இடது பக்கம். ஆகவே பிள்ளையின் வீடு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் இடது கையில் வரும்படி வேன் வர வேண்டும். சென்டர் மீடியன் உள்ள ரோட்டை வலமாகச் சுற்றினால், அதாவது கோயிலை வலம் வருவதுபோல் மீடியனை வலக்கைப் பக்கம் வைத்தே போனால், கதவு எப்போதும் வீடுகளைப் பார்த்தபடி இருக்கும். ரோட்டைத் தாண்டும் வேலை முழுவதும் வேனுடையது, அதுவும் சிக்னலில். ஆம்னி மாதிரி இரண்டு பக்கமும் கதவு உள்ள வண்டி என்றால் வலப்பக்கக் கதவைப் பூட்டியே வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மெயின் ரோடு தெற்கு வடக்காகப் போகிறது, பள்ளி மேற்குப் பக்கம், வடகோடியில். கிழக்கே நான்கு இடங்கள், வடக்கிலிருந்து தெற்காக: தண்ணீர் டேங்க் (3 பேர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு), பள்ளிவாசல் தெரு (2 பேர், ஆறாம் வகுப்பு), ரேஷன் கடை (3 பேர், நான்காம் வகுப்பு), பூங்கா (2 யு.கே.ஜி.). மேற்கே இரண்டு, தெற்கிலிருந்து வடக்காக: கோயில் தெரு (2 பேர், ஏழாம் வகுப்பு), பால் பூத் (2 எல்.கே.ஜி.). வேன் கிழக்குப் பக்கம் தெற்கு நோக்கி இறங்கி, நான்கு இடங்களையும் முடித்து, தென்கோடி சிக்னலில் யு-டர்ன் போட்டு, மேற்குப் பக்கம் வடக்கு நோக்கி ஏறி, பள்ளி கேட்டிலேயே இடது கையில் நிற்கும். யாரும் எந்த இடத்திலும் ரோட்டைக் கடக்கவில்லை.

சாயங்காலம்தான் பலருக்கும் சறுக்கும். காலை வரிசையை அப்படியே தலைகீழாகப் போடுவார்கள், கடைசியில் ஏறியவர் முதலில் இறங்கட்டும் என்று. பள்ளியிலிருந்து பால் பூத் போகத் தெற்கே போக வேண்டும். தெற்கே போகும் வண்டிகள் கிழக்கு ஓரத்தில்தான் போகும். ஆக எல்.கே.ஜி. குழந்தை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இறங்கும். அம்மா மீடியனுக்கு அந்தப் பக்கம் நிற்பார். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை வேனின் மூக்கை ஒட்டி ஓடும். அந்த உயரம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் சாயங்காலமும் அதே திசையில், அதே வரிசையில் சுற்றுங்கள். பள்ளியிலிருந்து கிளம்பி வடக்கே யு-டர்ன், டேங்க் முதலில், பால் பூத் கடைசி. இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது: காலையில் முதலில் ஏறி 40 நிமிடம் உட்கார்ந்த பிள்ளை சாயங்காலம் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். ஆனால் பால் பூத் குழந்தைகள் சாயங்காலம் முழுச் சுற்றும் சுற்ற வேண்டும். எல்.கே.ஜி. மதியமே விட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. இல்லையென்றால், பள்ளிக்குப் பின்னால் உள்தெரு வழியாக மெயின் ரோடு ஏறாமலேயே பால் பூத் போக முடியுமா என்று பாருங்கள், முடிந்தால் அவர்களை மட்டும் முதலில் இறக்கிவிடலாம். அதுவும் இல்லையென்றால் முழுச் சுற்றுதான். தூங்கிவிடுவார்கள். வேனை மூடுமுன் ஆயாம்மா கடைசி சீட் வரை நடந்து, சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாக வேண்டும். பள்ளி வாகனத்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று தமிழக அரசின் 2012 சிறப்பு விதிகளே சொல்கின்றன. ஆள் இல்லாத வேனைத் தவிர்த்துவிடுங்கள்.

தலைகீழ் வரிசையை டிரைவர் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் டீசல்தான். அவர் வீடு டேங்க் பக்கம் என்றால் கடைசி இறக்கம் அங்கே இருந்தால் அவருக்கு லாபம். அந்தக் காலி ஓட்டத்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டு, எல்லோருமாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது காத்திருப்பு. பிள்ளை ரோட்டில் நிற்கும் நேரம் வரிசை எண்ணைப் பொறுத்ததில்லை, வேன் வரும் நேரம் எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. முதல் இடத்துக்கு வேன் சரியாக வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் தாமதித்தால் அது அடுத்தவர் தலையில் ஏறும். பெரிய பிள்ளை சில நொடியில் ஏறிவிடும், எல்.கே.ஜி. குழந்தையை பை, தண்ணீர் பாட்டில், அழுகை எல்லாம் சேர்த்து ஏற்ற ஒரு நிமிடம்கூட ஆகும். எல்லாவற்றையும் விட அதிகம் ஆட்டுவது அந்த சிக்னல்.

ஆகவே சிக்னலை அடுத்து வரும் முதல் இடத்தில் பெரிய பிள்ளைகளை வையுங்கள். அதையே வேன் நின்று கிளம்பும் இடமாக்குங்கள். மேலே சொன்ன கணக்கில் டேங்க் 7:40, பள்ளிவாசல் 7:44, ரேஷன் கடை 7:49, பூங்கா 7:54. சிக்னலைத் தாண்டி கோயில் தெரு வந்து சேர ஒருநாள் 7:59 ஆகும், ஒருநாள் 8:05 ஆகும். கோயில் தெருவுக்கு 8:05 என்று சொல்லுங்கள். வேன் முன்னாடியே வந்துவிட்டாலும் 8:06 வரை நிற்க வேண்டும். அங்கிருந்து பால் பூத் நாலு நிமிடம், 8:10. பள்ளி 8:20. சிக்னலின் ஆட்டம் முழுவதையும் வேனுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் தாங்குகிறார்கள், குழந்தைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. வேன் கோயில் தெருவில் கிளம்பும்போது ஆயாம்மா பால் பூத் வீடுகளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், அதைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து இறங்கினால் போதும். பூங்கா யு.கே.ஜி. பிள்ளைகளுக்கும் ரேஷன் கடையிலிருந்து அதேபோல.

நேரத்தை ஊகித்துப் போடாதீர்கள். இரண்டு வாரம், பத்துப் பள்ளி நாட்கள், ஒவ்வொரு இடத்துக்கும் வந்த நேரத்தை ஆயாம்மா ஒரு நோட்டில் எழுதட்டும். பத்தில் எட்டு ஒன்பது நாள் எந்த நேரத்துக்குள் வந்துவிட்டதோ அதுவே சொல்ல வேண்டிய நேரம். சராசரியைச் சொன்னால் பாதி நாள் குழந்தை நிற்கும். பயந்து பத்து நிமிடம் முன்னதாகச் சொன்னால் தினமும் நிற்கும். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்தான் வேன் நிற்கும் என்பதையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பூங்காவிலிருந்து கோயில் தெருவுக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக யாராலும் வர முடியாது என்றால், ஒருநாள் இரண்டே நிமிடத்தில் வந்திருந்தால் டிரைவர் சிக்னல் வரை போகாமல் மீடியன் இடைவெளியில் புகுந்து ராங் சைடில் வந்திருக்கிறார்.

நிற்கும் இடம் மெயின் ரோட்டு முனையில் வேண்டாம், தெருவுக்குள் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஆனால் முட்டுச்சந்துக்குள் வேனை விடாதீர்கள். வெளியே வர ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும், பின்னால் பிள்ளைகள் நிற்பார்கள். அந்தச் சந்துப் பிள்ளையைப் பெரியவர் ஒருவர் முனைவரை கூட்டிவரட்டும்.

நடுவில் புதுப் பிள்ளை சேர்ந்தால் கடைசியில் ஒட்டாதீர்கள். எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். பூங்காவுக்குத் தெற்கே கிழக்குப் பக்கம் வீடு என்றால், கோயில் தெருவிலிருந்து கூப்பிடு தூரமாகவே இருந்தாலும் சிக்னலுக்கு முன்பே ஏற்றியாக வேண்டும். அதனால் கூடும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு டேங்க் நேரத்தை முன்னால் இழுங்கள், 8:06 மாறக் கூடாது.