இறுதி மதிப்பு 1 என்கிறது தேற்றம், வரைபடமோ எகிறுகிறது

"யூனிட்டி ஃபீட்பேக்கில் G(s) = K/(s(s+1)(s+2)). K = 10 வைத்து, யூனிட் ஸ்டெப்புக்கு இறுதி மதிப்புத் தேற்றம் போட்டால் 1 வருகிறது. மேட்லாபில் வரைந்தால் அலை பெரிதாகிக்கொண்டே போகிறது. எதை நம்புவது, சார்?"

வரைபடத்தை நம்புங்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை, தேற்றத்தைப் போடக்கூடாத இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

தேற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். y'(t)-இன் லாப்லாஸ் உருமாற்றம் sY(s) − y(0). அதாவது, y'(t)e^(−st)-ஐ 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் கிடைப்பது. இதில் s-ஐ 0 ஆக்கினால் y(∞) − y(0) மிஞ்சும். ஆனால் s = 0-க்கு அருகில் அந்தத் தொகையீடு முடிவுள்ள மதிப்பாக இருந்தால்தான் இப்படிச் செய்யலாம்.

உங்கள் அமைப்பில் அப்படி இல்லை. மூடிய சுற்றின் பகுதியை எடுத்து மூலங்களைப் பாருங்கள்:

```
roots([1 3 2 10])
```

ஏறத்தாழ −3.31, 0.155 ± 1.73i என்று வரும். மெய்ப்பகுதி 0.155 என்பதால் அலை e^(0.155t) வேகத்தில் வளர்கிறது, சுமார் நாலரை விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. s-இன் மெய்ப்பகுதி 0.155-ஐத் தாண்டினால்தான் அந்தத் தொகையீடு குவியும். s = 0 அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. 10/(s³+3s²+2s+10) என்ற கோவைக்கு இது தெரியாது, s = 0 என்று போட்டால் 1 என்று சொல்லிவிடும்.

அப்படியானால் அந்த 1 என்ன? y(t)-ஐப் பகுதிப் பின்னமாகப் பிரித்தால் வரும் மாறிலி உறுப்பு அது. அலை 1-ஐச் சுற்றித்தான் ஆடுகிறது, அங்கே போய் நிற்பதில்லை. ரௌத் அட்டவணைப்படி K 6-க்குக் கீழே இருக்கும் வரைதான் நிலைத்தன்மை. K = 6-இல் துருவங்கள் ±j√2, அலை வளராது, தேயாது. அப்போதும் தேற்றம் 1 என்றே சொல்லும், அதுவும் தவறு.

ராம்ப் உள்ளீட்டில் இது இன்னும் ஆபத்து. பிழை 2/K என்று வருவதால், K = 10 போட்டு 0.2 என்று எழுதிவிடத் தோன்றும். K 6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால் உண்மையில் பிழையை மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறக்கவே முடியாது. K = 4-இல் கிடைக்கும் 0.5 சரியான விடை.

ஆகவே முதலில் sY(s)-இன் துருவங்களைப் பாருங்கள். Y(s)-ஐ அல்ல, ஸ்டெப் தரும் 1/s அப்போதுதான் நீங்கும். எல்லாம் இடது பாதியில் இருந்தால் மட்டும் s → 0 போடுங்கள்.

தொடக்க மதிப்புத் தேற்றத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. K = 10-இலும் s → ∞ போட்டால் y(0+) = 0 என்று சரியாகவே வரும். அதன் சிக்கல் வேறு: தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். F(s) = s/(s+1) என்றால் sF(s) முடிவிலிக்குப் போகும். வகுத்து 1 − 1/(s+1) என்று எழுதி, இம்பல்ஸைக் குறிக்கும் 1-ஐத் தள்ளிவிட்டு மீதிக்குத் தேற்றத்தைப் போடுங்கள்: f(0+) = −1.