சாட்பாட் மாதச் செலவை முன்கூட்டியே கணக்கிடுதல்: கேள்வி பதில்

புதுச்சேரியில் விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு 600 கேள்வி வரும், கேள்வியும் பதிலும் சேர்த்து 200 டோக்கன். பத்து லட்சம் டோக்கனுக்கு ஒரு டாலர் என்றார்கள். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் மாதம் 324 ரூபாய்தான் வருகிறது, சரிதானே சார்?

பெருக்கல் சரி. பெருக்கிய எண்கள்தான் தவறு. பொதுவாக எல்லாரும் சறுக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாட்பாட்டின் பின்னால் இருக்கும் மொழி மாடல், உரையை டோக்கன் எனும் சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கிறது, அவற்றுக்குத்தான் விலை. அந்த மாடலுக்கு நினைவு கிடையாது. விருந்தினர் ஐந்தாவது கேள்வியைக் கேட்கும்போது, முந்தைய நான்கு கேள்விகளும் அவற்றின் பதில்களும் அந்தக் கேள்வியோடு சேர்ந்து மறுபடியும் அனுப்பப்படுகின்றன. அறை வாடகை, செக்-இன் நேரம், ரத்து விதிகள் ஆகியவற்றை எழுதி வைத்த குறிப்பும் ஒவ்வொரு முறையும் உடன் செல்கிறது. இவை அனைத்துக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

உங்கள் 600 கேள்விகளை, 120 பேர் ஆளுக்கு ஐந்து கேள்வி கேட்பதாகப் பிரித்துக்கொள்வோம். குறிப்பு 1,500 டோக்கன், கேள்வி 50, பதில் 150. முதல் கேள்விக்கு உள்ளே போவது 1,550 டோக்கன். அடுத்தடுத்த கேள்விகளுக்கு அது 1,750, 1,950, 2,150 என ஏறி ஐந்தாவதில் 2,350 ஆகிறது. கூட்டினால் ஓர் உரையாடலுக்கு உள்ளே போவது 9,750, வெளியே வருவது 750. மாதத்துக்கு 3,600 உரையாடல்கள் என்றால் உள்ளே 351 லட்சம், வெளியே 27 லட்சம்.

உங்களிடம் சொல்லப்பட்ட ஒரு டாலர், உள்ளே போகும் டோக்கனின் விலையாக இருக்கும். வெளியே வரும் டோக்கனுக்கு விலை கூடுதல். அதை ஐந்து டாலர் என்று வைத்துக்கொண்டால் 35.10 + 13.50, ஆக 48.60 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்ற உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 4,374 ரூபாய் வருகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 5,161. நீங்கள் போட்டதைப் போல, வரிக்கு முன்பே பதின்மூன்றரை மடங்கு.

விரிதாளில் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு, n கேள்வி எண்ணிக்கை, S குறிப்பு, q கேள்வி, a பதில்:

```
input  = n*S + q*n*(n+1)/2 + a*n*(n-1)/2
output = n*a
```

ஒரு நாளைக்கு 1,000 மெசேஜ். மாதம் எவ்வளவு?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். எத்தனை உரையாடல், ஒன்றில் எத்தனை கேள்வி என்று தெரியாமல் பதில் சொல்ல இயலாது.

சராசரி தெரிந்தால் போதாதா? எங்கள் பயிற்சி மையத்தில் ஒருவர் சராசரியாக ஐந்து கேள்வி கேட்கிறார்.

பாதி சரி. குறிப்புக்கான செலவு கேள்விகளின் எண்ணிக்கையோடு நேராக ஏறுகிறது, அதற்குச் சராசரி போதும். பழைய உரையாடலுக்கான செலவு அப்படி ஏறுவதில்லை. மேற்கண்ட சூத்திரத்தில் 20 கேள்விகளைப் போட்டால் உள்ளே 69,000 டோக்கன் வருகிறது. கேள்வி நான்கு மடங்கு, டோக்கன் ஏழு மடங்கு. மாணவர்கள் விடாமல் கேட்பவர்கள். ஆகவே குறுகிய உரையாடல்களுக்கும் நீண்டவற்றுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுங்கள்.

என் முதல் மதிப்பீடு தவறியதும் இதனால்தான். ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியை வைத்துத் தொகை சொல்லிவிட்டு, முதல் மாதப் பில் வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, கடைசி ஆறு கேள்வி பதில்களுக்கு மேல் பழையவற்றை அனுப்பாதபடி நிரலில் வரம்பு வைக்காமல் எவருக்கும் தொகை சொல்வதில்லை. வரம்பு வைத்தால் முதலில் சொன்னதைச் சாட்பாட் மறந்துவிடும் என்பது உண்மை.

தமிழ் என்றால் எல்லாமே இரண்டு மடங்கு என்கிறார்களே அண்ணா? ஒரு சொல்லுக்கு ஒரு டோக்கன் என்றல்லவா நான் போட்டேன்!

ஒரு சொல், ஒரு டோக்கன் என்பது தமிழுக்குப் பொருந்தாது. 'புதுச்சேரி' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது பத்துக் குறியீடுகள், யுடிஎப்-8 முறையில் 30 பைட். அது எத்தனை டோக்கனாக உடையும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வாட்ஸ்அப்பில் வந்த உண்மையான இருபது கேள்விகளை எடுத்து, நீங்கள் எடுத்த மாடலின் நிறுவனம் தரும் டோக்கன் எண்ணும் கருவியில் போட்டு அளந்துவிடுங்கள். 'ரூம் இருக்கா' என்று ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களையும் அந்த இருபதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மடங்கு என்றே வந்தாலும் பில் இரண்டு மடங்காக வேண்டியதில்லை. குறிப்பு ஆங்கிலத்தில் 1,500 டோக்கனாகவே இருந்து, கேள்வி 100, பதில் 300 ஆனால், விருந்தினர் இல்லக் கணக்கு 70.20 டாலருக்குத்தான் போகிறது. குறிப்பையும் தமிழில் எழுதி அதுவும் 3,000 ஆனால்தான் 97.20.

27 டாலரை மிச்சம் பிடிக்கக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறீர்களா? கடலூரில் எங்கள் கடைக்கு அப்படி வைத்துப் பார்த்தோம். பதில் மொழிபெயர்ப்பு வாடையோடு வந்தது. தமிழில் எழுதிய பிறகுதான் 'வாங்க, சொல்லுங்க' என்று பேசுகிறது.

எழுதச் சொல்லவில்லை, விலையைச் சொன்னேன். ஆனால் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். விதிகளை ஆங்கிலத்தில் வைத்து, நான்கைந்து மாதிரிப் பதில்களை மட்டும் தமிழில் சேர்த்தபோது எனக்குப் பேச்சு ஓரளவு இயல்பாக வந்தது.

மாதிரிப் பதில் போதாது. வாடிக்கையாளர் கோபமாகப் பேசும்போது மறுபடி மொழிபெயர்ப்பு நடைக்கே போய்விடுகிறது. நீங்கள் கணக்கை மட்டும் பார்க்கிறீர்கள்.

கணக்குக் கேள்விக்குத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கோபக்கார வாடிக்கையாளரோடு நான் சோதித்ததில்லை, அதில் உங்கள் அனுபவம் பெரிது. இரண்டு குறிப்புகளையும் ஒரு வாரம் மாற்றி மாற்றி ஓட்டி, பதிலையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடுதல் செலவு தகுமா என்பது கடைக்காரர் முடிவு.

வாட்ஸ்அப் கட்டணம் இதில் அடங்குமா?

அடங்காது. அது வேறு பில், இணைப்புக் கொடுப்பவரிடம் கேளுங்கள்.

ஒரே குறிப்பு திரும்பத் திரும்பப் போனால் தள்ளுபடி உண்டாமே?

பல நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் உரையின் தொடக்கம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். குறிப்பின் முதல் வரியில் 'இப்போது மணி 10.42' என்று நிரல் எழுதினால் அடுத்த நிமிடமே தள்ளுபடி போயிற்று. தேதியையும் நேரத்தையும் கடைசியில் வையுங்கள். நிறுவனம் சேமித்து வைக்கும் அந்தத் தொடக்கம் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும் இடங்களில், நாளெல்லாம் சிதறி வரும் 120 பேருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மதிப்பீட்டில் அதைக் கழிக்காதீர்கள். கிடைத்தால் லாபம்.

தினம் 500 மெசேஜ் வந்தால் மாதம்...

முதல் பதில். சூத்திரமும் அங்கேயே இருக்கிறது.

சனி, ஞாயிறில் மூன்று மடங்கு கூட்டம். எந்த நாளை எடுப்பது?

ஒரு வாரத்தின் உரையாடல்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் மாதச் செலவுக்குப் போதும். தனியாக அஞ்ச வேண்டியது எதிர்பாராத நாளைத்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற ஒரு நாளில், அறை எடுத்த அத்தனை பேரும் ரத்து விதியைக் கேட்பார்கள், ஒருவரே பத்து முறை கேட்பார். மாடல் நிறுவனத்தின் தளத்தில், உங்கள் கணக்கில் மாதச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால் வைத்துவிடுங்கள். வரம்பைத் தொட்டதும் சாட்பாட் வாயடைத்து நிற்காமல், வரவேற்பறைத் தொலைபேசி எண்ணைக் காட்டும்படி நிரலில் எழுதுங்கள்.

தொடங்கிய பிறகு கணக்குச் சரியா என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு பதிலோடும் பொதுவாக `usage` என்பது போன்ற பெயரில் ஒரு பகுதி வருகிறது. உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று அதில் இருக்கும். முதல் நாளிலிருந்தே, உரையாடல் எண்ணோடு சேர்த்து அதைச் சேமியுங்கள். மூன்றாம் நாள் உங்கள் 9,750-ஓடு ஒப்பிடுங்கள். உள்ளே போவது மட்டும் மிகுந்திருந்தால் உரையாடல்கள் நீளுகின்றன, அல்லது யாரோ குறிப்பை நீட்டியிருக்கிறார்கள். வெளியே வருவது மிகுந்திருந்தால் பதிலின் நீளத்துக்கு வரம்பு வைக்க மறந்திருப்பீர்கள். இரண்டும் சரியாக இருந்து பில் மட்டும் ஏறினால், இணைப்பு அறுந்ததும் நிரல் அதே கேள்வியை மூன்று முறை அனுப்புகிறதா என்று பதிவேட்டில் தேடுங்கள்.