படியில் உட்கார்ந்தவர் ஏன் பாதி மட்டும் மறைந்தார்?

கேள்வி: "எங்கள் பள்ளியின் பாரமகால் வரலாற்றுக் கையேட்டுக்காக ராயக்கோட்டை மலைக்கோட்டை வாசலைப் படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். ட்ரைபாடில் வைத்து 8 படம் எடுத்து, போட்டோஷாப்பில் மீடியன் போட்டேன். நடந்து போனவர்கள் எல்லாரும் மறைந்துவிட்டார்கள். ஆனால் படியில் உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டிக்காரர் ஆவி மாதிரி பாதி தெரிகிறார். சுவரோரம் குடையோடு நின்ற அம்மா அப்படியே முழுசாக இருக்கிறார். வாசலுக்குள் கலர் கலராகக் கறை. ஸ்டூடியோவில் சரி செய்ய 2,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" (ஓர் ஆசிரியர், கிருஷ்ணகிரி)

கொடுக்க வேண்டாம். வேட்டிக்காரருக்காக மறுபடி மலை ஏறவும் வேண்டாம். அந்த எட்டுப் படங்களில் ஒன்றை வெளியே எடுத்துவிட்டு, மீதி ஏழை மட்டும் வைத்து மீடியன் போடுங்கள், அவர் போய்விடுவார். எந்த ஒன்றை எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மீடியன் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவனை மட்டும் கூப்பிடுவது போலத்தான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டுப் படங்களிலும் உள்ள வெளிச்ச அளவை எடுத்து, சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, நடுவில் இருப்பதை வைத்துக்கொள்கிறது. படிக்கல்லின் அளவு 140, வேட்டியின் அளவு 230 என்று வையுங்கள். அவர் இரண்டே படங்களில் உட்கார்ந்திருந்தால் ஆறு 140, இரண்டு 230. நடுவில் 140 நிற்கும், கல் தெரியும். அவர் சரியாக நான்கு படங்களில் இருந்தால் நான்கு 140, நான்கு 230. எட்டு இரட்டைப்படை என்பதால் நடுவில் ஒருவர் இல்லை, இருவர். மென்பொருள் அந்த இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும். 185 வரும். கல்லும் இல்லாமல் வேட்டியும் இல்லாமல் நீங்கள் பார்த்த அந்த ஆவி அதுதான்.

ஆகவே அவர் பாதி தெரிகிறார் என்றால், நான்கு படங்களில் அந்தப் படி காலியாக இருக்கிறது என்று பொருள். எட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவர் இருக்கும் படங்களின் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். 3, 4, 5, 6 என்று வருகிறது என்றால் அதில் ஏதாவது ஒன்றை நீக்குங்கள். இப்போது ஏழு படங்கள், நான்கு 140, மூன்று 230. நடுவில் நிற்பது நான்காவது எண், அது கல். இதே மாதிரி பாதி தெரியும் இன்னொருவரும் இருந்தால், இருவரும் சேர்ந்து இருக்கும் படத்தை நீக்குங்கள். காலிப் படத்தை நீக்கிவிடாதீர்கள். அப்போது கல் மூன்று, வேட்டி நான்கு என்றாகி அவர் முழுசாக வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் `Median` என்பதற்குப் பக்கத்திலேயே `Mean` இருக்கிறது. அதைத் தேர்ந்தால் நடந்து போன ஒவ்வொருவருமே மெல்லிய புகையாகத் தெரிவார்கள். உங்கள் படத்தில் நடந்தவர்கள் சுத்தமாக மறைந்திருப்பதால் நீங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து குடை அம்மா. அவர் முழுசாக நிற்கிறார் என்றால் ஐந்து படத்திலாவது அங்கே இருந்திருக்கிறார். இங்கே படத்தை நீக்கும் வழி சிக்கனமாக வராது. அவர் இல்லாத ஒரே ஒரு படம் இருந்தால் போதும். மீடியன் முடிவையும் அந்த ஒரு படத்தையும் `File > Scripts > Load Files into Stack` வழியாகச் சேர்த்துத் திறங்கள். `Attempt to Automatically Align Source Images` என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் கல் வரிசை ஒன்றிரண்டு புள்ளி தள்ளி நிற்கும். மீடியன் கீழே, காலிப் படம் மேலே. மேல் லேயருக்கு `Layer > Layer Mask > Hide All` கொடுங்கள், அது மறைந்துவிடும். அப்புறம் ஓரம் மென்மையான வெள்ளைப் பிரஷால் அம்மா நிற்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். சுவர் வெளியே வரும். தரையில் விழுந்த அவர் நிழலையும் சேர்த்துத் தடவுங்கள். நிழலை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆள் இல்லாமல் நிழல் மட்டும் படுத்திருந்தால் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். எட்டிலுமே அம்மா நகரவில்லை என்றால், மன்னியுங்கள், இன்னொரு நாள் போகத்தான் வேண்டும்.

வாசல் கறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அனுபவம் உள்ளவர்களே ஏமாறுகிறார்கள். வாசலில் யாருமே நிற்கவில்லையே, எல்லாரும் நடந்துதானே போனார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். மீடியனுக்கு ஆள் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் அந்தக் குறுகலான வாசல் வழியாகவே போக வேண்டும். ஒருவர் விலகினால் அடுத்தவர் வந்துவிடுகிறார். எட்டில் ஐந்தாறு படங்களில் அந்தப் புள்ளியில் யாரோ ஒருவர் இருக்கிறார். ஒன்றில் சிவப்புச் சேலை, ஒன்றில் நீலச் சட்டை, ஒன்றில் தலைமுடி. நடுவில் எது வருகிறதோ அது ஒவ்வொரு புள்ளிக்கும் மாறுகிறது, அதனால் கறை. இதற்கு நிறையப் படம் எடுத்தால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். சரியாகாது. வாசல் பாதி நேரத்துக்கு மேல் அடைந்திருந்தால் 8 எடுத்தாலும் 80 எடுத்தாலும் அதே கதிதான். பாதிக்குக் குறைவாக அடைந்திருந்தால் மட்டுமே படம் கூடக் கூடப் பலன் கூடும்.

அதனால் வாசலுக்கு மீடியனை நம்பாதீர்கள். முதலில் எட்டுப் படங்களிலும் தேடுங்கள். இரண்டாவதில் வாசலின் இடது பாதி காலி, ஏழாவதில் வலது பாதி காலி என்று கிடைத்தால், குடை அம்மாவுக்குச் செய்த அதே மாஸ்க் வேலையை இரண்டு படங்களை வைத்துச் செய்யலாம். அப்படிக் கிடைக்காவிட்டால் அடுத்த முறை மற்ற படங்களை எடுத்து முடித்ததும், ட்ரைபாடை அசைக்காமல், வாசலையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு கும்பல் உள்ளே போய் அடுத்தது வருவதற்குள் ஒரு இடைவெளி வரும். அதில் ஒரு கிளிக். மூன்று நிமிடம் காத்திருந்து கிடைத்த அந்த ஒரு படம், அவசரமாக எடுத்த இருபது படங்களைவிட மேல்.

அடுத்த முறை 15 படம் எடுங்கள், ஒற்றைப்படையாக. படபடவென்று எடுக்காதீர்கள். கடிகாரத்தைவிட ஆட்களைப் பாருங்கள். போன படத்தில் இருந்தவர்கள் தங்கள் உடம்பின் அகலத்துக்கு மேல் நகர்ந்த பிறகு அடுத்ததை எடுங்கள். சாதாரணக் கூட்டத்தில் 30, 40 நொடிக்கு ஒன்று வரும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் வெயில் நாளில் நிழல் நகரும். பத்து நிமிடத்தில் சூரியன் இரண்டரை டிகிரி போய்விடுகிறது, 15 அடி மதிலின் நிழல் சுமார் ஒரு சாண் தள்ளி விழும். மேகம் மூடிய நாள் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. கேமராவை மேனுவலில் வைத்து வெளிச்சம், ஃபோகஸ், வைட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் வெள்ளை வேட்டிக்காரர் குறுக்கே வரும்போதெல்லாம் கேமரா படத்தை இருட்டாக்கும், கல்லின் 140 ஒரு படத்தில் 120 ஆகிவிடும்.

இப்போது பணம் பிடுங்குபவர்களைப் பற்றி. தலைக்கு இவ்வளவு என்று ஆள் நீக்கித் தருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, பக்கத்துக் கல்லை நகலெடுத்து ஆள் மேல் ஒட்டுவது. அடுத்தடுத்து ஒரே வெடிப்பு, ஒரே பாசிக்கறை தெரிந்தால் அதுதான். கல்யாண ஆல்பத்துக்கு அது பரவாயில்லை. வரலாற்றுக் கையேட்டில், இல்லாத கல்லை இருப்பதாகக் காட்டுவது பெரிய தவறு. மீடியனில் வரும் கல் அங்கே உண்மையாகவே இருக்கும் கல். வேறு ஒருவரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எட்டு மூலப் படங்களையும் கொடுங்கள். ஒரே படத்தை வாங்கிக்கொண்டு போதும் என்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். திருட்டு போட்டோஷாப்பைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடமும் சிக்காதீர்கள். ஹுகின், இமேஜ்மேஜிக் என்ற இரண்டு இலவச மென்பொருள்களை நிறுவினால் இந்த இரண்டு வரியே மீடியன் வேலையை முடிக்கும்:

```
align_image_stack -a al_ -C *.jpg
magick al_*.tif -evaluate-sequence median vasal.tif
```

டெர்மினலைத் திறந்து, படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் இதை இயக்க வேண்டும். நீக்க வேண்டிய படத்தை முன்பே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

ட்ரைபாட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1959-ம் ஆண்டு விதிகளின்படி இப்படிப்பட்ட இடங்களுக்குள் கேமரா ஸ்டாண்ட் வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்பது வேறு. அந்தக் காலத்து மரக்கால் ஸ்டாண்டை மனதில் வைத்து எழுதிய விதி, இன்றைக்கு ஒரு கிலோ எடையுள்ள ட்ரைபாடையும் அதே கணக்கில் சேர்க்கிறது. பள்ளிக் கையேட்டுக்குப் படம் எடுக்கும் ஆசிரியர் மனு போட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. விதி மாறும்வரை மனுதான் வழி. பள்ளியின் தாளில், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, தேதியும் நோக்கமும் எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். வாசலில் நின்று "அனுமதி நான் வாங்கித் தருகிறேன், 500 கொடுங்கள்" என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேறோர் ஊர்க் கோட்டையில் எனக்கு அப்படி ஒரு சீட்டு கிடைத்தது. அதில் தேதியும் இல்லை, முத்திரையும் இல்லை, காவலர் அதைப் பார்த்துவிட்டு என்னை இறங்கச் சொன்னார்.

அனுமதி வருவதற்குள் எடுத்தாக வேண்டுமா? ஒரு துணிப்பையில் ஒரு கிலோ ராகியை முக்கால்வாசி நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் ஏதாவது பாறை மேல் வைத்து, கேமராவை அதில் அழுத்தி உட்கார வையுங்கள். 2 நொடி டைமர் போட்டால் கை ஆட்டம் வராது. பதினைந்து படங்களுக்குள் லேசாக அசைந்தாலும் மேலே கொடுத்த இரண்டு வரியில் முதல் வரி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அதைச் சரிசெய்துவிடும். பழைய மதில் விளிம்பில் மட்டும் பையை வைக்காதீர்கள், அங்கே சுண்ணாம்பு பொடிந்து நிற்கிறது.