மத்தாயி ஏன் முத்தையா ஆனார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். தியேட்டரில் மலையாளத்தில் பார்த்த படத்தையே பிறகு டிவியில் தமிழ் டப்பிங்கில் பார்க்கிறோம். அங்கே மத்தாயிச்சனாக இருந்தவர் இங்கே முத்தையாண்ணன் ஆகிவிடுகிறார். பெயரை அப்படியே விட்டால் என்ன? நாவலை மொழிபெயர்ப்பவர்கள் விடுகிறார்களே?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

மத்தாயி என்றே விட்டால் நடிகரின் வாயசைவுக்கு ஒரு சிக்கலும் இல்லை. மாற்றுவது காதுக்காக. மத்தாயி என்பது மத்தேயு, ஔசேப்பு என்பது நம்மூர் சூசை, சாக்கோ என்பது யாக்கோபு என்று உங்களுக்குத் தெரியும். விருதுநகரில் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ‘மத்தாயிச்சா’ என்ற கூப்பாட்டில் இருக்கும் மரியாதையும் அவருக்கு எட்டாது. அதனால் அப்படியே விடுவதிலும் நஷ்டம் உண்டு.

மாற்றுவது என்று முடிவானதும்தான் வாய் குறுக்கே நிற்கும். வசனத்தின் மற்ற சொற்களை முன்னே பின்னே தள்ளி ஒப்பேற்றிவிடலாம். கூப்பிடும் பெயர் தனியாக, நீட்டி, பல நேரம் குளோசப்பில் வரும். ம, ப இரண்டுக்கும் உதடு முழுக்க மூடும். திரையில் உதடு மூடாதபோது ‘மு’ கேட்டாலோ, மூடும்போது கேட்காவிட்டாலோ, ஏனென்று தெரியாமலே பார்ப்பவருக்கு உறுத்தும்.

மத்-தா-யிச்-சா: நான்கு அசை. முதல் ‘ம’வில் மட்டும் உதடு மூடுகிறது, கடைசியில் வாய் அகலத் திறந்து நிற்கிறது. முத்-தை-யாண்-ணா என்பதும் நான்கு அசைதான், மூடுவதும் திறப்பதும் அதே இடங்களில்தான். முதலில் ‘மு’வுக்கு உதடு கொஞ்சம் குவியும், அது கடந்துபோய்விடும். தமிழ் வசனம் எழுதியவர் வாய்க்கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார். ஆனால் சுவரில் இயேசு படம் தொங்குகிறது, அம்மா சட்டையும் முண்டும் உடுத்தியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை குடும்பமே சர்ச்சுக்குப் போகிறது. அதைவிட மோசம், பின்பாதியில் இந்து வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுப் பையன் விரும்பினால் இரண்டு குடும்பமும் எதற்காகச் சண்டை போடுகின்றன என்றே புரியாது.

கிறிஸ்தவப் பெயராகவே தேடலாம். ‘மத்தேயு’ கடைசியில் உதட்டைக் குவிக்கும். திரையில் வாய் திறந்திருக்கும். ‘மதலைமுத்து’ அருமையான தமிழ்க் கத்தோலிக்கப் பெயர், ஆனால் நடுவில் இன்னொரு ‘மு’ இருக்கிறது, கடைசியில் வாய் அகலத் திறப்பதும் இல்லை. நான் ‘மத்தியாஸ்’ என்று வைப்பேன். மத்-தி-யாஸ்-ணா: நான்கு அசை, உதடு ஒரே தரம் மூடும், முடிவில் வாய் திறக்கும். உங்கள் ஊர்ப்பக்கத்து ‘ணா’விலேயே மரியாதையும் வந்துவிடுகிறது. இதிலும் ஒன்று போகிறது: மத்தாயி என்றதும் தெரியும் பழைய சுரியானிக் கிறிஸ்தவக் குடும்பமும் ரப்பர் தோட்டமும், மத்தியாஸ் என்றால் கடற்கரைக் கத்தோலிக்கராகத் தோன்றும். மதம் மிஞ்சும், ஊர் போய்விடும். முத்தையாவில் இரண்டுமே போகின்றன.

பெயர் வைப்பதற்குமுன் படம் முழுவதையும் பார்த்து, அந்தப் பெயர் எங்கெல்லாம் வருகிறது, கூப்பிடுபவரின் முகம் தெரிகிறதா, முதுகு தெரிகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இருப்பதிலேயே கடினமான குளோசப்புக்குப் பொருந்துவதே பெயர். முதுகு தெரியும் இடத்தில் எதுவும் உட்காரும். முதல் காட்சியில் தோன்றியதை வைத்துவிட்டு, இடைவேளைக்குப் பிறகு வரும் அழுகைக் காட்சியில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். கல்யாணப் பத்திரிகை, கல்லறை எழுத்து என்று பெயர் கண்ணால் படிக்கும்படி வந்தால் அதையும் குறிக்க வேண்டும்.

மறுஆக்கத்துக்கு இந்தக் கட்டு இல்லை. 2013இல் வந்த ‘த்ருஷ்ய’த்தின் ஜார்ஜ்குட்டி, 2015இல் ‘பாபநாசம்’ படத்தில் சுயம்புலிங்கம் ஆனார். அங்கே வீடு, உடை, பேச்சு எல்லாவற்றையும் புதிதாகவே எடுத்தார்கள். அதனால் பெயர் தனித்து நிற்கவில்லை.

நாவலுக்கு வாயசைவும் இல்லை, அவசரமும் இல்லை. ஔசேப்பு யாரென்று பத்துப் பக்கத்தில் வாசகர் தானே பழகிக்கொள்வார். ஆனாலும், ஓர் எழுத்தும் மாறாமலே பெயர் வேறாகிவிடும் இடம் உண்டு. தகழியின் ‘தோட்டியின் மகன்’ (1947) ஆலப்புழையில் நடக்கிறது. சுந்தர ராமசாமி தமிழாக்கினார். அதில் வரும் சுடலைமுத்து என்ற பெயர் மலையாள வாசகருக்கு வெளியூரிலிருந்து மலம் அள்ள வந்தவனின் பெயர், கேட்டதுமே அந்நியன். நெல்லை, குமரி வாசகருக்கோ சுடலைமாடன் கோயிலில் நேர்ந்து பிறந்த பக்கத்து வீட்டுப் பையன். அந்த அந்நியம் தமிழில் பெயரிலிருந்து கழன்றுவிடுகிறது, பதிலுக்கு ஒரு நெருக்கம் வருகிறது. அவன் தன் மகனுக்கு மோகனன் என்று வைக்கிறான். முத்து என்று முடியும் பெயருக்கு அடுத்த தலைமுறையில் மோகனன் என்று வருவதில்தான் அந்தத் தகப்பனின் ஆசை முழுவதும் இருக்கிறது. இந்த இரண்டில் எதை மாற்றினாலும் கதை குலைந்துவிடும். பெயரில் கழன்றுபோன அந்நியத்தை மொழிபெயர்ப்பாளர் ஆலப்புழையின் தெருக்களிலும் ஓவர்சியர்களின் பேச்சிலும்தான் தக்கவைக்க வேண்டும்.