வேர்க்காமல் இறங்கும் சீனி

கேள்வி: என்ட கணவருக்கு 48 வயசு. பதினெட்டு வருசமா சீனி வருத்தம், எட்டு வருசமா காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி. முந்தி சீனி குறைஞ்சா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தானாவே இனிப்புக் கேப்பார். இப்ப அப்பிடி ஒண்டும் இல்ல. போன கிழமை வயல் வரம்பில குந்தியிருந்தவர், கூப்பிட்டா முழிச்சுப் பாக்கிறார், பதில் இல்ல. மீற்றர்ல 41. கிளினிக்ல மூண்டு மாசச் சோதனை 6.2, நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவங்க. பிரசருக்கு அட்டெனலோலும் போடுறார். அதாலயா? அந்த உணர்வு திரும்ப வருமா? (ஒரு மனைவி, அக்கரைப்பற்று)

திரும்ப வரும், தங்கச்சி. அதற்கென்று குளிசையோ ஊசியோ கிடையாது. இரண்டு மூன்று கிழமைக்கு அவருடைய சீனி ஒருதரமும் 70க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்கு அந்த உணர்வு மீளத் தொடங்கும். முழுதாக வர இரண்டு மூன்று மாதம் எடுக்கலாம். கேட்க இலகுவாக இருக்கும், ஆனால் செய்யும்போது வீட்டில் ஒருவருக்கு நித்திரை போகும்.

வேர்வையும் நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சீனி குறைவு நேரடியாகச் செய்கிற வேலை அல்ல. அவை உடம்பு அடிக்கிற மணி. சீனி 70க்குக் கீழே சரியும்போது அட்ரினலின் சுரந்து அந்த மணியை அடிக்கும். இன்னும் இறங்கி 50ஐ ஒட்டிப் போனால்தான் மூளைக்குச் சீனி போதாமல் பேச்சு குழறும், முகம் வெறிக்கும். முதலில் மணி, பிறகு குழப்பம். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் ஆள் தானாகவே இனிப்பைத் தேடிப் போகிறார்.

சீனி அடிக்கடி குறைந்துகொண்டிருந்தால் மூளை அதற்குப் பழகிவிடும். மணி அடிக்கிற மட்டம் 70இலிருந்து 55, பிறகு 45 என்று கீழே கீழே போகும். குழப்பம் வருகிற மட்டம் அந்தளவுக்கு இறங்காது. கடைசியில் வரிசை மாறி, குழப்பம் முந்திக்கொள்ளும். குழம்பிய மனிதருக்குத் தான் குழம்பியிருப்பது எப்படித் தெரியும்? உங்கள் கணவர் வரம்பில் முழித்துப் பார்த்தது அந்த நிலையில்தான். நேற்றுப் பின்னேரம் ஒரேயொரு தடவை குறைந்தாலே இன்றைக்கு அடிக்கவேண்டிய மணி மங்கிப்போகும்.

"நரம்பெல்லாம் செத்துப் போச்சு, இனி வராது" என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நீண்டகாலச் சீனி வருத்தத்தில் நரம்பு பழுதாவது உண்மை. ஆனால் மணி நின்றுபோவதற்கு அதிகம் காரணம் முன்பு வந்துபோன குறைவுகள்தான். 1993, 1994ஆம் ஆண்டுகளில் இத்தாலியிலும் லண்டனிலும், பல வருடமாக இன்சுலின் போட்டு உணர்வு இழந்தவர்களுக்குக் குறைவே வராமல் கவனமாகப் பார்த்து, அந்த உணர்வு மீள்வதைக் காட்டிவிட்டார்கள். முப்பது வருடம் கழிந்தும் எங்கள் கிளினிக்குகளில் இதைச் சொல்ல ஆளில்லை. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் யார் எதைச் சொல்வது?

இனி அட்டெனலோல். இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் வாசித்த கையோடு அந்தக் குளிசையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அட்டெனலோல், புரப்ரனலோல் போன்றவை அட்ரினலினின் வேலையை மறிப்பவை. அதனால் நடுக்கமும் படபடப்பும் குறையும். வேர்வை மட்டும் குறையாது, அது வேறு வழியால் வருவது. சிலருக்குக் கூடவும் செய்யும். ஆகவே அட்டெனலோல் மட்டும் காரணமாக இருந்தால் உங்கள் கணவருக்கு நடுக்கம் போயிருந்தாலும் வேர்வை மிஞ்சியிருக்கவேண்டும். அதுவும் போய்விட்டது என்றால் மூளை பழகியதுதான் பெரிய காரணம். குளிசையை டொக்டரிடம் கேட்டு மாற்றலாமே தவிர, நீங்களாக நிறுத்தக்கூடாது. இதய வருத்தம் உள்ளவர் இதைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடப்பார். டொக்டர் மாற்றித் தந்தாலும் குறைவுகள் தொடர்ந்தால் மணி திரும்பாது.

அந்த 6.2க்கு வருவோம். மூன்று மாதச் சோதனை ஒரு சராசரி. காலையில் 220, மதியம் 45, இரவு 140 என்று ஓடுகிற ஆளுக்கும் அழகான எண் வரும். இரண்டு நேரம் கலவை ஊசி போடுகிறவருக்கு 6.2 வந்தால் நான் பாராட்டமாட்டேன், "மாதத்தில் எத்தனை தடவை குறைந்தது?" என்று கேட்பேன். அட்டையில் எழுதப்படுவதோ விடியச் சாப்பிடாமல் எடுத்த ஒரு எண்தான். இரவு இரண்டு மணிக்குச் சீனி குறைந்து, பாதித் தூக்கத்தில் கண்டதையும் சாப்பிட்ட ஆளுக்கு விடிய அந்த எண் கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்து இன்னும் இரண்டு அலகு கூட்டிவிடுவார்கள். கிளினிக் நாளில் வீட்டிலேயே ஊசியைப் போட்டுவிட்டு, இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு பத்து மணி வரை வாங்கில் இருப்பவர்களையும் பார்க்கிறேன். அன்றைக்கு ஊசியையும் சாப்பாட்டையும் கையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

ஒருவருடைய கதையைச் சொன்னால் உங்களுக்கு வழி விளங்கும். ஏறாவூர்ப் பக்கம் ஓட்டோ ஓடுகிறவர், 51 வயது. காலை 28 அலகு, பின்னேரம் 18 அலகு, முப்பதுக்கு எழுபது கலவை ஊசி. உணர்வு போய் ஒரு வருடம். மனைவி ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார்: மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவு படுக்கமுன், கிழமையில் இரண்டு நாள் இரவு இரண்டரைக்கு எழுப்பி. இரண்டாம் இரவே 52. ஆள் நித்திரையில், தலையணை மட்டும் ஈரம். மதியம் ஒன்றரை மணிக்கு 58, ஏனென்றால் ஓட்டம் கிடைத்தால் இரண்டரைக்குத்தான் சாப்பிடுவார். கலவை ஊசியின் பெரிய பகுதி மெதுவாக வேலை செய்கிற இன்சுலின், அது நாலைந்து மணித்தியாலம் போனபிறகுதான் உச்சத்துக்கு வரும். ஆறு மணி ஊசி மதியத்தையும், பின்னேர ஊசி நடு இரவையும் இழுத்துவிடுகிறது.

காலை 24, பின்னேரம் 14 என்று குறைத்தோம். பதினைந்து, இருபது வீதம் அளவு. பத்து மணிக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ கட்டாயம், மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. சாப்பாட்டுக்கு முன் 110க்கும் 160க்கும் இடையில் இருந்தால் போதும், படுக்கும்போது 130க்குக் குறைந்தால் ஏதாவது சாப்பிட்டுப் படுக்கவேண்டும் என்று சொன்னேன். ஓட்டோவை மூன்று கிழமைக்கு நிறுத்தச் சொன்னேன். அழாக்குறையாக ஒத்துக்கொண்டார்.

ஆனாலும் பத்தாம் நாள் 49. கொப்பியில் எல்லாம் ஒழுங்கு, ஊசி அளவும் சரி. என்ன என்று துருவினால் மனைவி கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் விற்ற வேர்த்தூள். "ஒரே கிழமையில சீனி இறங்கும்" என்றானாம். இறங்கத்தானே செய்யும்! இப்படிப்பட்ட தூள்களில் கிளிபென்கிளமைட் என்ற சீனிக் குளிசையை அரைத்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட சங்கதி. 2008இல் சிங்கப்பூரில் சீனி வருத்தமே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் சீனி குறைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்கள் வாங்கிய ஆண்மைக் குளிசைகளில் இருந்தது இதுதான். சிலர் செத்தும் போனார்கள். இவருடைய போத்தலில் என்ன இருந்தது என்று சோதிக்க எனக்கு வசதியில்லை. நிறுத்தியதும் குறைவுகள் நின்றன. விற்றவன் இன்னும் சந்தைக்குச் சந்தை சுற்றுகிறான், கேட்பாரில்லை. வீட்டில் அப்படி எதுவும் இருந்தால் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஒளிக்காதீர்கள்.

நாட்களைத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினோம். இருபத்துநாலாம் நாள் அவரே வந்து, "டொக்டர், நேற்று உதடு விறைச்ச மாதிரி, பிடரியில வேர்வை, பாத்தா 64" என்றார். அவ்வளவு சந்தோசமாகச் சீனி குறைந்ததைச் சொன்ன ஆளை நான் கண்டதில்லை. மூன்று மாதச் சோதனை 6.3இலிருந்து 7.2 ஆனது. கிளினிக்கில் அதற்கு ஏச்சு வாங்கினார், எனக்கு அது பெருமை.

உங்கள் கணவருக்கு இதே எண்கள் பொருந்தாது. எத்தனை அலகு குறைப்பது என்று அவரைப் பார்க்கிற டொக்டர்தான் சொல்லவேண்டும். நீங்கள் செய்யவேண்டியது ஒரு கிழமைக் கொப்பி. ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும். நாளுக்கு இரண்டு மட்டும் முடியுமென்றால் மதியத்துக்கு முன் ஒன்று, படுக்கமுன் ஒன்று. விடியச் சாப்பிடாமல் பார்ப்பதை விட்டுவிடுங்கள், அது எப்படியும் கிளினிக்கில் கிடைக்கும். வரம்பு வெட்டிய நாளென்றால் அன்றிரவு இரண்டரைக்கு ஒன்று. உடம்பு முறிய வேலை செய்த இரவில் சீனி மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். உணர்வு திரும்பும்வரை மோட்டார் சைக்கிளை அவர் எடுக்கவேண்டாம். திரும்பிய பிறகும் ஏறமுன் 90க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

70க்குக் கீழே கண்டால், ஆளுக்கு ஒன்றும் தோன்றாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்து உடனே. சொக்லேட்டும் பால்தேத்தண்ணியும் மெதுவாகத்தான் வேலை செய்யும். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொருதரம். ஏறியபின் சோறோ பிஸ்கட்டோ. விழுங்கமுடியாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். வேர்வையும் நடுக்கமும் திரும்பினாலும், சீனியைத் தானாக மேலே தூக்கிவிடுகிற குளுக்ககோன் என்ற ஹோர்மோன் நீண்டகாலம் இன்சுலின் போடுகிறவரிடம் பழைய மாதிரி வராது. மணி அடித்தவுடன் இனிப்பை எடுப்பது அவருடைய கை வேலைதான். மறுபடி குறைவுகள் தொடங்கினால் மணியும் மறுபடி மங்கும். கிளினிக்கில் எண் 7 ஆகிவிட்டது என்று யாராவது ஊசியைக் கூட்டப் பேனாவை எடுத்தால், முதலில் கொப்பியை நீட்டி அந்த 41ஐக் காட்டுங்கள்.