கிலோ கணக்கா, உருப்படி கணக்கா?

கேள்வி: எங்கள் தெருவில் சலவைக்கடை தொடங்கப்போகிறேன். துவைத்து இஸ்திரி போட்டுத் தருவோம், கறையும் எடுப்போம். விலைப்பட்டியலைக் கிலோவுக்குப் போடுவதா, உருப்படிக்குப் போடுவதா?

பதில்: துவைப்பதற்குக் கிலோ, இஸ்திரிக்கு உருப்படி, கறைக்குத் தனிக் கட்டணம். மூன்றையும் ஒரே கிலோ விலையில் அடைத்துவிடாதீர்கள். தண்ணீர், சோப்புத்தூள், மெஷினில் பிடிக்கும் இடம் எல்லாம் பெரும்பாலும் துணியின் எடையைப் பொறுத்தவை. இஸ்திரிக்கு ஆகும் செலவோ ஆள் நிற்கும் நேரம். அதற்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு பைகள் வருகின்றன, இரண்டும் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் பையில் முழுக்கைச் சட்டைகள். ஒன்று சுமார் 250 கிராம் என்றால் 20 சட்டை. காலர், கை, பட்டன் பட்டை என்று ஒன்றுக்கு 4 நிமிடம் வைத்தாலும் 80 நிமிடம் ஆகும். அடுத்த பையில் 4 ஜீன்ஸ், 4 குளியல் துண்டு. ஜீன்ஸுக்கு 5 நிமிடம் வீதம் 20 நிமிடம். துண்டை மடித்து வைத்தால் போதும். ஒரே விலை வாங்கினால் சட்டைக்காரர் உங்களிடமே வருவார், துண்டுக்காரர் வீட்டிலேயே துவைத்துக்கொள்வார். அன்றன்று இஸ்திரி போட்ட உருப்படிகளை எடுத்த கிலோவால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் விலை தவறு என்று அர்த்தம்.

இஸ்திரி விலைக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஆகும் கூலி, மின்சாரம், வாடகையைக் கூட்டி, அந்த நேரத்தில் எத்தனை சட்டை முடிகிறதோ அதால் வகுத்து, மேலே உங்கள் லாபத்தைச் சேருங்கள். மடிப்பு அதிகமுள்ள உடைகளுக்குத் தனி விலை போடுங்கள்.

கிலோ விலையில் குறைந்தபட்ச எடை ஒன்று கட்டாயம் வேண்டும். ஒருவர் துணியை இன்னொருவர் துணியோடு கலக்கக் கூடாது. 10 கிலோ மெஷினில் 2 கிலோ போட்டாலும் ஓடும் நேரம் கிட்டத்தட்ட அதேதான். வெள்ளையைப் பிரித்துப் போடச் சொன்னால் அது இன்னொரு சுற்று, அதற்கும் அந்தக் குறைந்தபட்சம் பொருந்தும். எடையை வாங்கும்போதே, துணி காய்ந்திருக்கையில், வாடிக்கையாளர் கண்ணெதிரே போடுங்கள்.

அப்புறம் கறை. இங்கேதான் சண்டை வரும். துணியை வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கறையைக் கவனிக்காமல் துவைத்து இஸ்திரி போட்டால் அந்தச் சூட்டிலேயே பல கறைகள் இறுகிவிடும். ரத்தக் கறைக்குச் சூடான தண்ணீரே ஆகாது, குளிர்ந்த தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். எண்ணெய்க் கறைக்குத் துவைக்கும் முன் சோப்புத் திரவம் தடவி ஊறவிட வேண்டும். வேலை ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், சின்னக் கறை, பெரிய கறை என்று இரண்டே விலை வைத்து, கறை ஒவ்வொன்றுக்கும் வாங்குங்கள். அது முயற்சிக்கான கட்டணம், முழுதாகப் போகும் என்ற உறுதி அல்ல என்பதைப் பட்டியலிலேயே எழுதுங்கள். கறை எங்கே இருந்தது, சாயம் போகும் துணியா என்பதை ரசீதில் குறித்து, கையெழுத்து வாங்கிய பிறகே துணியை உள்ளே அனுப்புங்கள்.